முடி பிடுங்கும் பிள்ளையின் கைக்கு வேறு வேலை

"என் மகளுக்கு 11 வயது. ஐந்தாறு மாதமாகத் தலைமுடியைப் பிடுங்குகிறாள். உச்சந்தலையில் உள்ளங்கை அளவுக்கு வழுக்கை தெரிகிறது. கேட்டால் 'நான் பிடுங்கவே இல்லை' என்று பொய் சொல்கிறாள். திட்டிப் பார்த்தோம், ஒருமுறை அடித்தும்விட்டோம், விரலில் வேப்பெண்ணெய் தடவினோம். மொட்டை அடித்துவிடலாம் என்கிறார் மாமியார். இவளைப் பார்த்தோ என்னவோ, 5 வயதுப் பையனும் கொசுக்கடிப் புண்ணை ஆறவிடாமல் நோண்டிக்கொண்டே இருக்கிறான். எப்படி நிறுத்துவது?"

உங்கள் மகள் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகிறது.

முடி பிடுங்கும் பிள்ளைகளின் கை இரண்டு விதமாகத் தலைக்குப் போகிறது. பாடம் படிக்கும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் அதுவாகவே போகும். கண் புத்தகத்தில் இருக்கும், விரல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மேசையில் முடி கிடப்பதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைக்கே தெரியும். இன்னொரு விதம், தெரிந்தே போவது. மனதில் ஓர் இறுக்கமோ எரிச்சலோ இருக்கும், ஒரு குறிப்பிட்ட முடி உறுத்தும், அதைப் பிடுங்கினால்தான் அடங்கும். பிடுங்கியதும் ஒரு கணம் நிம்மதி, அடுத்த கணம் வெட்கம். ஒரே பிள்ளையிடம் இரண்டும் இருப்பதுதான் வழக்கம். முதல் விதத்தில் "பிடுங்கவில்லை" என்பது அவள் அறிந்த உண்மை. இரண்டாவதில் அது வெட்கம் பேசுவது. இரண்டையும் பொய் என்று பிடித்துக்கொண்டு விசாரித்தால், அவள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பிடுங்கக் கற்றுக்கொள்வாள்.

எதையும் தொடங்குமுன் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புழுவெட்டு என்றால் அந்த இடம் வழவழவென்று சுத்தமாக இருக்கும். பூஞ்சைப் படை என்றால் செதில் உதிரும், அரிக்கும். பிடுங்கிய இடம் இப்படி இருக்காது. வட்டமாகவோ ஒழுங்காகவோ இல்லாமல், பாதியில் அறுந்த முடி, புதிதாக முளைக்கும் முடி, தப்பிப் பிழைத்த நீள முடி என்று வெவ்வேறு உயரத்தில் கலந்து நிற்கும். பேன், பொடுகு இருந்தால் அவற்றுக்கும் மருத்துவம் செய்துகொள்ளுங்கள். அரிப்பு இருக்கும்வரை கை அங்கே போய்க்கொண்டேதான் இருக்கும்.

இனி வேப்பெண்ணெயும் மொட்டையும். கசப்பு, விரலை வாயில் வைப்பதைத் தடுக்கலாம். தலைக்குப் போவதைத் தடுக்காது. மொட்டை அடித்தால் சில வாரம் பிடுங்க முடி இருக்காது என்பது உண்மைதான். ஆனால் பழக்கம் விரலில் அப்படியே இருக்கிறது. முடி முளைத்து வரும்போது குட்டையாக, விறைப்பாக, குத்திட்டு நிற்கும். தடவித் தடவித் தேடும் விரலுக்கு அதைவிட இழுப்பான முடி வேறில்லை. அதற்குள் சிலர் புருவத்துக்கும் கண்ணிமைக்கும் மாறிவிடுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பெண் மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போய்ப் படும் பாடு வேறு. நேர்த்திக்கடன் என்றால் அது உங்கள் குடும்ப விஷயம், அவளிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். சிகிச்சை என்ற பெயரில் வேண்டாம். (மூன்று வயதுக் குழந்தை தூக்கத்தில் விரல் சூப்பிக்கொண்டே முடியை இழுப்பது வேறு கதை. அதற்கு முடியைக் குட்டையாக வெட்டிவிட்டு, கையில் ஒரு துணிப் பொம்மையைக் கொடுத்தாலே பல குழந்தைகளிடம் தானாக மறைந்துவிடும்.)

இந்தப் பழக்கத்துக்கு அதிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட வழி 'ஹாபிட் ரிவர்சல்' என்ற பயிற்சி. நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். சாரம் எளிது. 'செய்யாதே' என்ற கட்டளையைக் கையால் கடைப்பிடிக்க முடியாது. 'இதைச் செய்' என்றால் முடியும். எனவே கை புறப்படும் கணத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கணத்தில் பிடுங்கவே முடியாதபடி கைக்கு வேறொரு வேலை கொடுக்க வேண்டும். சுற்றுப்புறத்தையும் வீட்டாரின் பேச்சையும் அதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். எழுதினால் நான்கு வரி. செய்யும்போது இடறுகிற இடங்கள் பல. அதனால் நான் பார்த்த ஒரு சிறுமியின் கதையாகவே சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

ஏழாம் வகுப்பு. வலது காதுக்கு மேலே பெரிய வழுக்கைத் திட்டு. முதல் வாரம் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, எழுதத்தான் சொன்னோம். ஒரு சின்ன நோட்டு. எத்தனை மணி, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தாள், எந்தக் கை, அப்போது மனம் எப்படி இருந்தது, பிடுங்கிய முடியை என்ன செய்தாள். எழுதுவது அவள். அம்மா இரவில் ஒருமுறை, அவள் காட்டினால் மட்டும், பார்க்கலாம். எத்தனை முடி என்று எண்ணக்கூடாது என்பது நிபந்தனை. எண்ணிக்கை வந்துவிட்டால் நோட்டு குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

ஒரு வாரத்தில் இரண்டு இடம் தெளிவாகத் தெரிந்தது. மாலை ஏழு மணிக்கு மேல் கணக்கு வீட்டுப்பாடம், அதுவும் விடை வராமல் நிற்கிற இடங்களில். பிறகு இரவு பல் துலக்கும்போது, குளியலறைக் கண்ணாடி முன்னால். பள்ளியில் அநேகமாக இல்லை, விளையாடும்போது இல்லவே இல்லை. 'நாள் முழுக்கப் பிடுங்குகிறாள்' என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாவுக்கு இது பெரிய செய்தி. எல்லா நேரத்தையும் காவல் காக்கத் தேவையில்லை.

அடுத்து, பிடுங்குவதை மெதுவாக நடித்துக் காட்டச் சொன்னேன், முடியை இழுக்காமல். பேனாவைக் கீழே வைக்கிறாள். முழங்கை மேசைமேல் ஊன்றுகிறது. உள்ளங்கையில் கன்னம் சாய்கிறது. ஆள்காட்டி விரல் காது மடலைத் தொடுகிறது, பிறகு மேலே ஏறி முடியை வருடுகிறது. வழவழப்பான முடிகளை விட்டுவிட்டு முரடாகச் சுருண்ட ஒன்றைத் தேடி எடுக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அதைப் பிரிக்கின்றன. ஓர் இழுப்பு. வேரில் வெள்ளையாக ஒட்டியிருப்பதைப் பார்க்கிறாள். அதை உதட்டில் தடவிக்கொள்கிறாள். பிடுங்குதல் என்று நாம் சொல்வது இந்தத் தொடரின் கடைசிப் பகுதிதான். அங்கே நிறுத்துவது மிகக் கடினம். காது மடலைத் தொடும் இடத்தில் நிறுத்துவது எளிது. அதனால் 'காதைத் தொட்டால் மணி அடித்தது' என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள். அந்தக் கணத்தைக் கண்டுபிடிப்பதையே இரண்டு மூன்று நாள் விளையாட்டாகப் பழகினாள்.

மணி அடித்தால் என்ன செய்வது? கைக்குக் கொடுக்கும் மாற்று வேலை சில விதிகளுக்கு உட்பட்டது. அதைச் செய்துகொண்டே பிடுங்க முடியாததாக இருக்க வேண்டும். வகுப்பிலும் பஸ்ஸிலும் யார் கண்ணிலும் படாமல் செய்ய முடிய வேண்டும். பொருள் எதுவும் தேவைப்படக் கூடாது. ஒரு நிமிடமாவது நீடிக்க முடிய வேண்டும். இவள் தேர்ந்தெடுத்தது: கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை இறுக மூடி, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொள்வது. ஒரு நிமிடம் கழித்தும் ஆசை அடங்கவில்லை என்றால் இன்னொரு நிமிடம். பிடுங்கும் உந்துதல் ஏறிக்கொண்டே போய் வெடித்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏறி, உச்சியில் சற்று நின்று, தானாக இறங்கும். இறங்குவதை அவளே சில முறை பார்த்துவிட்டால் போதும். நான் சொல்லி நம்ப வைப்பதைவிட அது நன்றாக வேலை செய்கிறது. மறந்து ஒரு முடியைப் பிடுங்கிவிட்டாலும் அதோடு விடக்கூடாது. பிடுங்கிய பிறகும் அந்த ஒரு நிமிடத்தைச் செய்ய வேண்டும். 'ஒன்று போய்விட்டது, இனி எத்தனை போனால் என்ன' என்று தொடர்வதை அது அறுத்துவிடும்.

உந்துதல் இல்லாத நேரத்தில் இதைத் தினமும் சில நிமிடம் பழக வேண்டும். சும்மா இருக்கும்போது கைக்கு வராத வேலை, கணக்கு வராத நேரத்தில் நினைவுக்கு வராது.

சூழலில் செய்த மாற்றங்கள் சின்னவை. வீட்டுப்பாடத்தை மேசையிலிருந்து தரைக்கு மாற்றினார்கள், சாய்வுப் பலகை வைத்து. முழங்கை ஊன்ற இடமில்லை. அந்த நேரத்தில் தலையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, காதை ஒட்டி இறுக்கமில்லாமல் பின்னல். எண்ணெய் வழுக்கும் முடியை விரலால் தனியே பிரிப்பது கடினம். வருடும் சுகம் தேடிய விரலுக்கு, ஓவியத் தூரிகை ஒன்றை இடது கையில் கொடுத்தோம். பல் துலக்குவது குளியலறைக் கண்ணாடியிலிருந்து கூடத்து வாஷ்பேசினுக்கு வந்தது. முடிவேரைப் பிடுங்கிப் பார்ப்பதும் உதட்டில் தடவுவதும்தான் இவளுக்குக் கிடைத்த பரிசு என்பதால் தூரிகை பொருந்தியது. உங்கள் மகளுக்கு எது பரிசு என்பதை அவள் நோட்டுதான் சொல்லும். இந்தப் பட்டியலை அப்படியே பிரதி எடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் பங்கு. அந்த அம்மா ஒரு நாளில் எத்தனையோ முறை "கையை எடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை முழுக்க நிறுத்தச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. பதிலுக்கு ஒரே ஓர் அடையாளம். அதை மகளே முடிவு செய்ய வேண்டும். அவள் கேட்டது, தோளில் இரண்டு விரலால் லேசாகத் தட்டுவது. சொல் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. ஒருமுறை தட்டினால் முடிந்தது. அவள் கையை எடுக்கவில்லை என்றால் திரும்பத் தட்டக் கூடாது, எழுந்து வேறு வேலைக்குப் போய்விட வேண்டும். தம்பிக்கும் பாட்டிக்கும் தட்டும் உரிமை இல்லை. வீட்டில் நாலு பேர் தட்ட ஆரம்பித்தால் அது காவல் நிலையம்.

பாராட்டும் கவனத்தோடு செய்ய வேண்டியது. "இன்று முடியே பிடுங்கவில்லை, சமத்து" என்றால், நாளை பிடுங்கியதை மறைக்க அவளுக்குக் காரணம் கொடுத்துவிட்டீர்கள். "கை காதுக்குப் போனதும் மடக்கிக்கொண்டாயே, பார்த்தேன்" என்று, அவள் செய்த வேலையைச் சொல்லுங்கள். பரிசு கொடுக்க ஆசைப்பட்டால் நோட்டு எழுதியதற்கும் பயிற்சி செய்ததற்கும் கொடுங்கள், முடி வளர்ந்ததற்கு அல்ல. தினமும் தலையை விலக்கிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அன்றாடம் பார்த்து என்ன தெரியப் போகிறது? அவள் சம்மதித்தால் மாதம் ஒரு புகைப்படம் போதும்.

அடித்ததற்கு அவளிடம் வருத்தம் தெரிவித்துவிடுங்கள், ஒரே வாக்கியத்தில். "அது உன் பிடிவாதம் என்று நினைத்து அடித்துவிட்டேன், அப்படி இல்லை என்று இப்போது தெரிகிறது." பெரியவர்களும் பிள்ளைகளுமாக நூறு பேரை எடுத்தால் ஒருவர் இருவருக்கு இந்தப் பழக்கம் உண்டு என்பதையும் சொல்லுங்கள். உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இப்படி என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் யாராவது "தலையில் என்ன?" என்று கேட்டால் பதில் சொல்வது உங்கள் வேலை. "முடி கொட்டியிருக்கிறது, டாக்டரிடம் காட்டுகிறோம்" என்று முடித்துவிடுங்கள். வகுப்பாசிரியரிடம் மட்டும் தனியாகச் சொல்லிவையுங்கள், எல்லார் முன்னிலையிலும் குறிப்பிட வேண்டாம் என்ற கோரிக்கையோடு.

அந்தச் சிறுமிக்கு வீட்டுப்பாட நேரத்துப் பிடுங்கல் சில வாரங்களில் நன்றாகக் குறைந்தது. இரவு நேரத்துப் பிடுங்கல் குறையவில்லை. கண்ணாடியை விட்டு வந்ததும் படுக்கைக்கு மாறியது. கையை மடக்குவாள், விரித்ததும் பிடுங்குவாள். இதுதான் இந்தப் பயிற்சியின் எல்லை. தானாகப் போகும் கைக்கு மாற்று வேலை நன்றாகப் பொருந்துகிறது. தெரிந்தே போகும் கைக்குப் பின்னால் ஓர் உணர்ச்சி இருக்கிறது, அதற்கு நேரடியாக வழி செய்யாமல் கையை மட்டும் மடக்கினால் நிற்காது. கேட்டுக் கேட்டு வந்தபோது, பள்ளி வேனில் இரண்டு பெண்கள் அவளைக் கேலி செய்வது தெரிந்தது. மறுநாள் வேனை நினைத்துத்தான் இரவில் கை போயிருக்கிறது. பள்ளியில் பேசி வேனில் இடம் மாற்றினார்கள். படுக்குமுன் பத்து நிமிடம் அப்பாவோடு அன்றைய நாளைப் பேசுவது என்று வழக்கம் வைத்தார்கள். பிறகுதான் இரவுப் பழக்கம் அசைந்தது. உங்கள் மகள் நோட்டில் ஒரே நேரம், ஒரே மனநிலை திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடத்தில் நின்று விசாரியுங்கள், முடியைப் பற்றி அல்ல, அந்த நேரத்தைப் பற்றி.

ஒரு கேள்வியை மட்டும் தள்ளிப்போடாமல் கேட்டுவிட வேண்டும். பிடுங்கிய முடியை விழுங்குகிறாளா? அதிர்ச்சியைக் காட்டாமல், "சில பிள்ளைகள் முடியைக் கடிப்பார்கள், சிலர் விழுங்குவார்கள், நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். முடி செரிக்காது. வயிற்றில் சேர்ந்து சேர்ந்து உருண்டையாகி, அறுவைச் சிகிச்சை செய்து எடுக்க வேண்டிய நிலைக்கும் போகலாம். விழுங்குகிறாள் என்றாலே குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதோடு வயிற்று வலி, வாந்தி, இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது என்பது, எடை குறைவு, வயிற்றில் கட்டி தட்டுப்படுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே போக வேண்டும்.

பையனைப் பற்றி. ஐந்து வயதில் பொருக்கை நோண்டாத பிள்ளை அபூர்வம், அக்காவிடமிருந்து தொற்றிக்கொண்டான் என்று இப்போதே பயப்படத் தேவையில்லை. அவனுக்கு நோட்டும் பயிற்சியும் வேண்டாம். உந்துதலைக் கவனித்துச் சொல்லும் வயது அவனுக்கு இன்னும் வரவில்லை. செய்ய வேண்டியதெல்லாம் நீங்கள்தான். முதலில் அரிப்பு: கொசுவலை, கடித்த இடத்தில் காலமைன் லோஷன். இரவில் அரிப்பு கூடுகிறது, விரலிடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம், வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறது என்றால் அது சிரங்காக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து புண். காயவிட்டால் பொருக்கு தடித்து ஓரம் தூக்கிக்கொள்ளும், நோண்டும் விரலுக்கு அந்த ஓரம்தான் பிடி. எனவே தினமும் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாகத் தடவி, பிளாஸ்டர் ஒட்டி மூடிவிடுங்கள். ஓரமும் இருக்காது, சீக்கிரம் ஆறும். நகத்தை வெட்டி அரத்தால் தேய்த்துவிடுங்கள். கதை கேட்கும்போது கையில் சப்பாத்தி மாவு உருண்டை கொடுங்கள். "நோண்டாதே" என்பதற்குப் பதிலாக "பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறதா, காட்டு" என்று கேளுங்கள். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ, சீழ் வைத்தாலோ, சுற்றிச் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். ஆரோக்கியமான தோலையும் கிள்ளிப் புதிய புண் உண்டாக்குகிறான், பல மாதம் ஆகியும் நிற்கவில்லை என்றால் அப்போது அக்காவுக்குப் பார்க்கும் நிபுணரே இவனையும் பார்க்கட்டும். தோலைக் கிள்ளுவதற்கும் அதே பயிற்சிதான், வயது கூடும்போது.

மாத்திரை கேட்டு வருகிறார்கள் பலர். பிள்ளைகளின் முடி பிடுங்கலுக்கு நம்பிச் சொல்லக்கூடிய மருந்து இன்று இல்லை. என்-அசிடைல்சிஸ்டைன் என்ற மருந்து 2009-இல் வெளியான ஆய்வில் பெரியவர்களுக்கு உதவியது. 2013-இல் பிள்ளைகளிடம் சோதித்தபோது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. கூடவே கடும் பதற்றமோ மனச்சோர்வோ இருந்தால் அதற்கு மனநல மருத்துவர் மருந்து தரலாம், அது வேறு கணக்கு.

வீட்டிலேயே ஒரு மாதம் செய்து பாருங்கள். அசையவில்லை என்றாலோ, அவள் பள்ளிக்குப் போக மறுத்தாலோ, சோர்ந்து ஒதுங்கினாலோ, ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் போங்கள். 'ஹாபிட் ரிவர்சல் பயிற்சி கொடுத்திருக்கிறீர்களா' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணமில்லாமல் விசாரிக்கலாம், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அருகில் எங்கே போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், தமிழில் பேசலாம். அங்கே போகும்போது அவள் எழுதிய நோட்டைக் கொண்டுபோங்கள். தேர்வு நெருங்கும் வாரத்தில் பழக்கம் திரும்ப எட்டிப்பார்க்கும், பெரும்பாலும் எல்லாருக்கும் அப்படித்தான். அப்போதும் அதே நோட்டை ஒரு வாரம் மறுபடி எழுதச் சொல்லி, அதே ஒரு நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.